14 நேர்காணல் முடிந்தது, கடைசி நாலில் புது கோட் இல்லை: இங்கேயே நிறுத்தலாமா?

தாமரைச்செல்வி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முனைவர் பட்டத்துக்காகப் பண்புசார் ஆய்வு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதித் தரப்பட்டு, ஒரு வருடத்துக்குள் யாரையும் கேட்காமல் தாங்களாகவே நிறுத்தியவர்கள்தான் என் ஆய்வுக்குரியவர்கள். ஏன் நிறுத்தினார்கள், அந்த முடிவை எப்படி எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தேன்.

இதுவரை 14 பேரிடம் பேசியாயிற்று. ஒவ்வொரு நேர்காணலையும் எழுத்தாக்கி, பேச்சில் வரும் ஒவ்வொரு கருத்துக்கும் கோட் என்ற ஒரு பெயர்க்குறி போட்டு, உடனுக்குடன் கோடிங் செய்து வந்தேன். ஒவ்வொன்றிலும் புதிதாக வந்த கோட்களின் எண்ணிக்கை, 1 முதல் 14 வரை வரிசையாக:

11, 7, 5, 4, 2, 3, 1, 1, 0, 1, 0, 0, 0, 0

மொத்தம் 35 கோட். கடைசி நான்கிலும் புதிதாக ஒன்றும் இல்லை. இனிப் பேசினாலும் புதிதாக ஒன்றும் வராது என்ற நிலை, அதாவது சாச்சுரேஷன், வந்துவிட்டது என்று எழுதிவிட்டு நிறுத்தலாம் என நினைக்கிறேன். நெறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "30 இல்லாமல் தேர்வாளர்கள் முன்னால் போகாதே" என்கிறார். ஏன் 30 என்று கேட்டால், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதுதான் பதில். அவரிடம் சொல்லக்கூடிய ஒரு நியாயம் எனக்கு வேண்டும். அல்லது நான் நினைப்பது தவறென்றால் அதையும் சொல்லுங்கள்.

கதிரவன் எழுதியது:

அக்கா, தாராளமாக நிறுத்தலாம். 12 போதும் என்று கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-லேயே நிரூபித்துவிட்டார்கள். என் எம்.ஃபில். ஆய்வேட்டில் அதை மேற்கோள் காட்டித்தான் 12-இல் முடித்தேன், யாரும் கேள்வி கேட்கவில்லை. உங்களிடம் அதைவிட இரண்டு கூடுதலாகவே இருக்கிறது.

எண்ணன் எழுதியது:

நான் புள்ளியியல் பக்கம் இருக்கிறவன், பண்புசார் ஆய்வு நேரடியாகச் செய்ததில்லை. ஆனால் இதைக் கணக்காகவே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு காரணம் உங்கள் மக்கள்தொகையில் p விகிதத்தினரிடம் இருக்கிறது என்று வையுங்கள். n பேரிடம் பேசினால் அந்தக் காரணம் ஒரு தடவையாவது காதில் விழுவதற்கான நிகழ்தகவு

`1-(1-p)^n`

ஐந்தில் ஒருவருக்கு இருக்கும் காரணம் என்றால் (p = 0.2), 14 பேரில் அது தட்டுப்படும் வாய்ப்பு சுமார் 96%. பத்தில் ஒருவருக்கு மட்டும் இருப்பது என்றால் 77% தான். அதை 95% ஆக்க 29 பேர் தேவை. ஆக உங்கள் நெறியாளரின் 30, காரணம் சொல்லத் தெரியாமல் சொன்னாலும், கிட்டத்தட்ட சரியாகவே வருகிறது.

குழலி எழுதியது:

30 எல்லாம் எதற்கு? நாங்கள் செயலி வடிவமைப்பில் 5 பேரை வைத்துத்தான் சோதிப்போம். ஐந்தாவது ஆளுக்குப் பிறகு அதே குறைகள்தான் திரும்பத் திரும்ப வரும். எங்கள் துறையில் இது பல காலமாக நடைமுறை. நேர்காணலுக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எண்ணன் எழுதியது:

குழலி, நீங்கள் சொல்லும் 5-க்கும் பின்னால் இருப்பது இதே சூத்திரம்தான். ஒரு பயனர் ஒரு குறையில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு சராசரியாக 31% என்று நீல்சனும் லாண்டவரும் 1993-இல் கணித்தார்கள். p = 0.31, n = 5 போட்டால் சுமார் 84% வரும். அங்கே p பெரியது, அதனால் 5 போதுகிறது. ஒரு மனிதர் மருந்தை நிறுத்துவதற்கான காரணம் அத்தனை பரவலாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

பழையகோப்பு எழுதியது:

தாமரைச்செல்வி, எத்தனை என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் எண்வரிசையைப் பாருங்கள். இறங்கிக்கொண்டே வந்த வரிசை இரண்டு இடத்தில் தலைதூக்குகிறது. ஐந்தாவதில் 2 ஆக இருந்தது ஆறாவதில் 3 ஆகிறது. ஒன்பதாவதில் 0 ஆகிவிட்ட பிறகு பத்தாவதில் 1 வருகிறது. அந்த 6-ஆம் நபரும் 10-ஆம் நபரும் யார்? மற்ற பன்னிரண்டு பேரிடமிருந்து எதில் வேறுபடுகிறார்கள்? அவர்களிடமிருந்து வந்த புதுக் கோட்கள் என்ன?

இதற்குப் பதில் தெரிந்தால் மேலே பேசலாம்.

தாமரைச்செல்வி எழுதியது:

ஐயா, இதை நான் அந்தக் கோணத்தில் பார்க்கவே இல்லை. இப்போது எடுத்துப் பார்த்தேன். 14 பேரில் 45 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இந்த இரண்டு பேர் மட்டும்தான். மற்ற எல்லாரும் 55-ஐத் தாண்டியவர்கள்.

6-ஆம் நபரிடமிருந்து வந்தவை: வேலையிடத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது, இந்த வயதில் மாத்திரை என்றால் வாழ்நாள் முழுக்க என்ற மலைப்பு, உடற்பயிற்சியாலேயே சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை. 10-ஆம் நபர் சொன்னது வேறு மாதிரி. காப்பீட்டு விண்ணப்பத்தில் "தொடர்ந்து ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா" என்ற கேள்விக்குப் பொய் சொல்லாமல் "இல்லை" என்று எழுத வேண்டும் என்பதற்காகவே நிறுத்தியிருக்கிறார்.

பழையகோப்பு எழுதியது:

அப்படியானால் 11 முதல் 14 வரை வந்த நான்கு பூஜ்யங்களும் யாருடையவை என்று பாருங்கள். நால்வரும் 55-ஐத் தாண்டியவர்கள். அந்த வயதினரில் ஏற்கெனவே எட்டுப் பேரிடம் பேசிவிட்டீர்கள். அவர்களிடம் புதிதாக ஒன்றும் வராதது இயல்பு. 45-க்குக் கீழே இருப்பவர்களில் பேசியது இரண்டே பேர், இரண்டு முறையும் புதிதாக ஏதோ வந்தது. உங்கள் வரிசை தட்டையானது ஒரு கூட்டத்துக்கு மட்டும். இன்னொரு கூட்டத்துக்கு அது இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே வரிசையில் கோத்துவிட்டதால் முன்னது பின்னதை மறைத்துவிட்டது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நேர்காணல்களின் வரிசையை மாற்றி அடுக்கி, புதுக் கோட்களை மறுபடி எண்ணுங்கள். அந்த இரண்டு பேரையும் 13, 14-ஆம் இடத்தில் வையுங்கள். 6-ஆம் நபரின் மூன்று கோட்களையும் 10-ஆம் நபரின் ஒன்றையும் பெரியவர்கள் யாரும் பின்னால் சொல்லவில்லை என்றால், வரிசையின் கடைசி இரண்டு எண்கள் 3, 1 என்று வரும். அதே 14 பேர், அதே 35 கோட், ஆனால் அந்த வரிசையைப் பார்த்து யாரும் சாச்சுரேஷன் என்று சொல்ல மாட்டார்கள். யார் எந்த நாளில் கிடைத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறிவிடும் ஒரு முடிவை ஆய்வு முடிவாக எழுத முடியாது.

கதிரவன் சொன்ன 12-க்கும் வருகிறேன். அந்த 2006 கட்டுரையை முழுதாகப் படித்தவர்கள் குறைவு, எண்ணை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். அவர்கள் கானாவில் 30, நைஜீரியாவில் 30 என 60 பெண்களிடம் நேர்காணல் செய்தவர்கள். ஆறு ஆறாகக் கோடிங் செய்து, ஒவ்வொரு ஆறுக்குப் பிறகும் கோட்புத்தகம் எவ்வளவு மாறியது என்று கவனித்தார்கள். கானாவின் 30 நேர்காணல்களில் வந்த 109 கோட்களில் 80 முதல் ஆறிலேயே வந்துவிட்டன. 12 முடிந்தபோது 100 ஆகியிருந்தது. அதுதான் அந்த 12. ஆனால் அந்தப் பெண்கள் ஒரே மாதிரியான சூழலில் இருந்தவர்கள், எல்லாரிடமும் கேட்கப்பட்டவை ஒரே கேள்விகள், ஆய்வின் நோக்கமும் குறுகியது. இந்த நிபந்தனைகளை ஆசிரியர்களே அந்தக் கட்டுரையில் எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஆட்கள் வயதாலும் வாழ்நிலையாலும் பிரிந்து கிடக்கிறவர்கள். அங்கே கிடைத்த எண்ணை இங்கே தூக்கிவந்து வைக்க முடியாது.

கதிரவன் எழுதியது:

ஐயா, அப்படியென்றால் அக்காவின் ஆய்வில் எது சாச்சுரேஷன் என்று சொல்ல ஒரு விதியும் இல்லையா? ஏதாவது ஒரு விதி இருந்தால்தானே எழுத முடியும்?

எண்ணன் எழுதியது:

விதிகள் இருக்கின்றன, நேற்று இரவு தேடிப் படித்தேன். இரண்டை அவர் எண்களில் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது, கெஸ்ட் குழுவே 2020-இல் கொடுத்தது. முதல் 4 நேர்காணலில் வந்த மொத்தக் கோட்களை அடித்தளமாக வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே 11+7+5+4 = 27. பிறகு இரண்டிரண்டு நேர்காணலாக எடுத்து, அவற்றில் புதிதாக வந்ததை 27-ஆல் வகுக்க வேண்டும். 5% அல்லது அதற்குக் கீழே போனால் போதும். 5, 6-க்கு 5/27, அதாவது 18.5%. 6, 7-க்கு 14.8%. 7, 8-க்கு 7.4%. 8, 9-க்கு 3.7%. ஆக, 9-ஆவது முடிந்ததுமே நிறுத்தியிருக்கலாம்.

இரண்டாவது, பிரான்சிஸ் குழு 2010-இல் சொன்னது. எடுத்த எடுப்பில் 10 நேர்காணலை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு தொடர்ந்து மூன்றில் புதிதாக எதுவும் வராவிட்டால் நிறுத்தலாம். 11, 12, 13 மூன்றும் பூஜ்யம் என்பதால் இந்த விதிப்படி 13.

இரண்டு விதியும் முன்கூட்டியே அளவுகோலைச் சொல்லிவிடுவதால் நேர்மையானவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரே தரவுக்கு ஒன்று 9 என்கிறது, மற்றது 13 என்கிறது. முதல் விதியைப் பின்பற்றியிருந்தால் காப்பீட்டு விண்ணப்பம் பற்றிச் சொன்ன அந்தப் பத்தாவது நபரை அவர் சந்தித்திருக்கவே மாட்டார். என் சூத்திரத்தை நான் இன்னும் கைவிடவில்லை, ஆனால் இது என்னை யோசிக்க வைக்கிறது.

பழையகோப்பு எழுதியது:

எண்ணன், உங்கள் கணக்கில் பிழை இல்லை. அதன் அடியில் இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன, சிக்கல் அங்கேதான். ஒன்று, ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்தோம் என்பது. அவர் எடுத்தது ஒரு பதிவேட்டிலிருந்து, அதிலும் நேர்காணலுக்குச் சம்மதித்தவர்களை மட்டும். இரண்டு, காரணங்கள் பைக்குள் கிடக்கும் வண்ண உருண்டைகள் மாதிரி முன்பே இருக்கின்றன, கையை விட்டு எடுத்தால் போதும் என்பது. கோட் என்பது அப்படிக் கிடப்பதில்லை. பேச்சைக் கேட்டு, வாசித்து, ஆய்வாளர் உருவாக்குவது அது. ஒருவர் பத்துச் சொல்லை ஒரே கோடாகப் பார்ப்பார், இன்னொருவர் அதையே நான்காகப் பிரிப்பார். பெரிய பெரிய கோட்களாக வைத்துக்கொண்டால் ஐந்தாவது நேர்காணலிலேயே உங்கள் வரிசை தட்டையாகிவிடும்.

ஆனாலும் உங்கள் சூத்திரத்துக்கு ஒரு பயன் உண்டு. பத்தில் ஒருவருக்கு மட்டும் இருக்கிற காரணம் ஒன்றை, குலுக்கி எடுத்த 14 பேரில் யாருமே சொல்லாமல் போவதற்கு 23% வாய்ப்பு இருக்கிறது என்று அது காட்டுகிறது. "எல்லாக் காரணங்களையும் கண்டுபிடித்துவிட்டேன்" என்று யாராவது எழுதினால் அவரிடம் இதைக் காட்டலாம்.

குழலிக்கு: செயலிச் சோதனையில் பொத்தான் வேலை செய்ததா இல்லையா என்பது யார் பார்த்தாலும் தெரியும். இங்கே ஒருவர் சொன்னதன் பொருள் என்ன என்பதே ஆய்வின் பாதி. இந்த விஷயத்தில் உங்கள் அனுபவத்தை அப்படியே கொண்டுவருவது கடினம்.

தாமரைச்செல்வியிடம் இன்னொன்று கேட்க வேண்டும். புதுக் கோட் இல்லை என்று குறித்த நான்கில் ஏதாவது ஒன்றை எடுத்து, "பக்கவிளைவு" மாதிரி மிகச் சாதாரணமான ஒரு கோட் விழுந்த இடத்தை இங்கே போடுங்கள். ஆளை அடையாளம் காட்டும் எதையும் நீக்கிவிட்டுப் போடுங்கள்.

தாமரைச்செல்வி எழுதியது:

12-ஆவது நேர்காணலிலிருந்து தருகிறேன். கோட்: "பக்கவிளைவு, தலைச்சுற்றல்". இந்தக் கோட் 2-ஆவது நேர்காணலிலேயே வந்துவிட்டதால் இங்கே புதிதாக எண்ணவில்லை.

"டாக்டர் கேட்டப்போ தலை சுத்துதுன்னு சொன்னேன். அப்படிச் சொன்னா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். நிஜமா சுத்தினதா... ஒரு நாள் ரெண்டு நாள் இருந்திருக்கலாம். அந்த அட்டையை எடுத்து ஒண்ணு பிதுக்கும்போதெல்லாம் நான் நோயாளின்னு ஞாபகம் வந்துரும். மத்த நேரத்துல நல்லாத்தான் இருக்கேன்."

ஒப்பிட்டுப் பார்க்க, 2-ஆவது நேர்காணலில் வந்தது இது: "எழுந்தா கண்ணை இருட்டிக்கிட்டு வரும். படிக்கட்டுல ஒரு தடவை விழப் பார்த்தேன். அன்னிக்கே நிறுத்திட்டேன்."

என்னோடு கோடிங் செய்யும் தோழி 12-ஆவதைத் தனிக் கோடாக வைக்க வேண்டும் என்றாள். தலைச்சுற்றல் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறாரே என்று நான் பழையதிலேயே சேர்த்தேன்.

பழையகோப்பு எழுதியது:

இரண்டாவது நபரின் தலைச்சுற்றல் உடம்பில் நடந்தது. படுத்தோ உட்கார்ந்தோ இருந்துவிட்டு எழும்போது அழுத்தம் குறைந்து கண் இருட்டுவது இந்த மருந்துகளில் நடக்கக்கூடியது. அவருக்கு மருத்துவர் அளவைக் குறைத்தால் திரும்பச் சாப்பிடுவார். பன்னிரண்டாவது நபரின் தலைச்சுற்றல் மருத்துவரிடம் சொல்வதற்கு வசதியான ஒரு காரணம். அதற்குப் பின்னால் இருப்பது "நான் நோயாளி இல்லை" என்ற நினைப்பு. அவருக்கு அளவைக் குறைத்தாலும், மாத்திரையையே மாற்றினாலும் பயன் இருக்காது. ஒரே சொல்லைச் சொன்ன இரண்டு பேர், ஆனால் உங்கள் ஆய்வுக் கேள்விக்கு அவர்கள் தரும் பதில் வேறு வேறு.

ஹென்னிங்க், கைசர், மார்கோனி மூவரும் 2017-இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள். 25 நேர்காணல்களை எடுத்து, புதுக் கோட் எப்போது நிற்கிறது, ஒவ்வொரு கோடின் பொருளும் முழுதாகப் பிடிபடுவது எப்போது என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். கோட்கள் 9-ஆவதிலேயே ஏறக்குறைய வந்துவிட்டன. பொருள் பிடிபட 16 முதல் 24 வரை போக வேண்டியிருந்தது. நேரடியான, கண்ணால் காணக்கூடிய விஷயங்கள் சீக்கிரம் தெளிந்தன. கருத்தளவில் இருந்தவை தாமதமாகத் தெளிந்தன, சில தெளியவே இல்லை. அந்த எண்களையும் உங்கள் ஆய்வில் அப்படியே ஒட்டாதீர்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்த விதம் மட்டும் உங்களுக்குப் பயன்படும்.

ஆகவே தோழி சொன்னபடி அதைப் பிரித்துப் பாருங்கள். பிரித்த பிறகு முதல் பதினொன்றையும் திரும்பப் படியுங்கள். "பக்கவிளைவு" என்று குறித்த எல்லா இடத்திலும் எது உடம்பு, எது சாக்கு என்று பாருங்கள். பன்னிரண்டாவதுதான் முதல் முறை என்றால், உங்கள் பூஜ்யம் ஒன்றாகிவிடும்.

வேல்முருகன் எழுதியது:

இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பழையகோப்பு ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் அவரும் கடைசியில் எண்ணுவதற்குத்தான் திரும்பி வருகிறார். பூஜ்யம் ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன? சாச்சுரேஷன் என்ற கருத்து 1967-இல் கிளேசரும் ஸ்ட்ராஸும் கொண்டுவந்தபோது அது கோட்பாட்டு உருவாக்கத்தோடு சேர்ந்தே இருந்தது. ஒரு வகைப்பாட்டை வளர்க்க இனிமேல் தரவு உதவாது என்ற நிலைதான் அது. அடுத்து யாரைச் சந்திப்பது என்பதையும் அந்தக் கோட்பாடுதான் முடிவு செய்யும். ஆட்களை முன்னாலேயே ஒரு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, கோட்களை எண்ணி, அதற்கு இந்தப் பெயரை வைப்பது வேறு ஏதோ ஒன்று.

பிரவுனும் கிளார்க்கும் தங்கள் முறையிலான கருப்பொருள் பகுப்பாய்வுக்கு இந்தக் கருத்தே பொருந்தாது என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். பொருள் தரவுக்குள் கிடப்பதில்லை, வாசிப்பவர் அதை உருவாக்குகிறார் என்றால், அது தீர்ந்துபோகும் இடம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? எப்போது நிறுத்தினாலும் அது ஆய்வாளர் எடுக்கும் முடிவு. அந்த முடிவுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தாமரைச்செல்வி எந்த முறையில் பகுப்பாய்வு செய்கிறார் என்று இங்கே யாரும் கேட்கவே இல்லை.

பழையகோப்பு எழுதியது:

நியாயமான கேள்வி, அதை நான் முதலிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் எண்ணுவதை முழுக்க விட்டுவிடச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் எண்ணியதால்தான் 6-ஆம், 10-ஆம் இடத்து மேடுகள் கண்ணில் பட்டன. ஆய்வாளரின் முடிவு என்று மட்டும் சொல்லிவிட்டால், சோர்ந்துபோய் நிறுத்தியவரும் யோசித்து நிறுத்தியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். எண்கள் முடிவைச் சொல்லாது, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டும்.

வேல்முருகன் எழுதியது:

அப்படியென்றால் அதற்குச் சாச்சுரேஷன் என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறேன். மால்டெருட், சியர்ஸ்மா, குவாசோரா 2016-இல் சொன்ன தகவல் திறன் என்ற கருத்து இந்த ஆய்வுக்கு இன்னும் பொருத்தம். நோக்கம் எவ்வளவு குறுகியது, பங்கேற்பாளர்கள் நோக்கத்துக்கு எவ்வளவு நெருக்கமானவர்கள், கைவசம் கோட்பாடு உண்டா, உரையாடல் எவ்வளவு ஆழம், ஒரே ஆளை ஆழமாகப் படிக்கப் போகிறோமா பலரை ஒப்பிடப் போகிறோமா. இந்த ஐந்தையும் வைத்து ஆட்கள் குறைவாகப் போதுமா, அதிகம் வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

பழையகோப்பு எழுதியது:

அதில் உரையாடலின் ஆழம் என்பதை மட்டும் இங்கே நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். தாமரைச்செல்வி, முதல் நான்கு நேர்காணல்கள் எவ்வளவு நேரம் ஓடின? கடைசி நான்கு எவ்வளவு நேரம்?

தாமரைச்செல்வி எழுதியது:

முதல் நான்கும் ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை. கடைசி நான்கும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன. கேள்விகள் எனக்குப் பழகிவிட்டதால் வேகமாகப் போகிறது என்று நினைத்திருந்தேன்.

பழையகோப்பு எழுதியது:

13-ஆவதின் எழுத்துப்படியை எடுத்து, நீங்கள் பேசிய வரிகளை மட்டும் படியுங்கள். கேள்விப் பட்டியலில் இல்லாத தொடர்கேள்வி எத்தனை இடத்தில் கேட்டீர்கள்? "அப்படின்னா எப்படி", "அன்னிக்கு என்ன நடந்தது" மாதிரி. அதையே 3-ஆவதிலும் பார்த்து ஒப்பிடுங்கள். பத்துப் பேரிடம் பேசிய பிறகு பதில் முன்கூட்டியே தெரிகிற மாதிரி ஆய்வாளருக்குத் தோன்ற ஆரம்பிக்கும். எதிரே இருப்பவர் "தலை சுத்துச்சு" என்று ஆரம்பித்ததும் உள்ளே "சரி, பக்கவிளைவு" என்று விழுந்துவிடும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அப்போது புதிதாக ஒன்றும் வராதது அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லாததால் அல்ல, நாம் தோண்டவில்லை என்பதால். எழுத்துப்படியில் நம் பக்கத்து வரிகளைப் பார்த்தால் மட்டும்தான் இந்த இரண்டையும் பிரிக்க முடியும். கோட் எண்ணிக்கையில் இரண்டும் ஒரே பூஜ்யமாகத்தான் தெரியும்.

தாமரைச்செல்வி எழுதியது:

பார்த்தேன். 3-ஆவதில் பக்கத்துக்கு இரண்டு மூன்று தொடர்கேள்விகள் இருக்கின்றன. 13-ஆவதில் அவர் "எல்லாரும் சொன்னாங்க, அதான் நிறுத்திட்டேன்" என்கிறார். எல்லாரும் என்றால் யார் என்று நான் கேட்கவே இல்லை, அடுத்து மாத்திரை வாங்குவது பற்றிய கேள்விக்குப் போயிருக்கிறேன். 12-ஆவது நபர் நானாகக் கேட்காமல் தானாகவே மனம் விட்டுப் பேசியவர்.

வேல்முருகன் கேட்டதற்கு: சட்டகப் பகுப்பாய்வு செய்கிறேன். கோட்களில் பாதி முன்பே இலக்கியத்திலிருந்து எடுத்தவை.

வேல்முருகன் எழுதியது:

அப்படியானால் கோட் எண்ணுவதில் உங்கள் முறைக்கு முரண் ஒன்றும் இல்லை, என் எதிர்ப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் முன்பே எடுத்து வைத்த சட்டகம் என்பதால்தான் 12-ஆவது நபரின் பேச்சு "பக்கவிளைவு" பெட்டிக்குள் அவ்வளவு சுலபமாக விழுந்தது என்பதையும் யோசியுங்கள்.

இளமதி எழுதியது:

நான் அறநெறிக் குழு ஒன்றில் உறுப்பினர். விண்ணப்பங்களைத் தொடர்ந்து வாசிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நெறியாளரின் 30 எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டாம். மார்க் மேசன் 2010-இல் நேர்காணல் அடிப்படையிலான 560 முனைவர் பட்ட ஆய்வேடுகளை எண்ணிப் பார்த்தார். சராசரி 31. அதைவிடக் கவனிக்க வேண்டியது, எண்ணிக்கைகள் 10, 20, 30, 40 என்று பத்தின் மடங்குகளில் குவிந்திருந்தன. சாச்சுரேஷன் உண்மையிலேயே ஒவ்வொரு ஆய்வையும் நிறுத்தியிருந்தால் 17, 23, 26 என்று சிதறியிருக்க வேண்டும். முழு எண்ணை முதலிலேயே முடிவு செய்துவிட்டு அதில் போய் நின்றிருக்கிறார்கள் என்றுதான் அது காட்டுகிறது. நெறியாளரிடம் இதை மரியாதையோடு சொல்லலாம்.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. தேர்வாளருக்கும் குழுவுக்கும் முன்கூட்டியே ஓர் எண் வேண்டும். எத்தனை பேரைத் தொந்தரவு செய்யப் போகிறீர்கள், எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று தெரியாமல் அனுமதி தர முடியாது. "சாச்சுரேஷன் வரும்வரை" என்று மட்டும் எழுதி வரும் விண்ணப்பத்தை நாங்கள் திருப்பி அனுப்புகிறோம். ஒரு வீச்சைக் கொடுங்கள், அதற்குக் காரணத்தையும் கொடுங்கள். இந்த ஆய்வாக இருந்தால் நான் எதிர்பார்ப்பது ஏறக்குறைய இப்படி: "55 வயதைத் தாண்டியவர்களில் 12 பேரிடம் பேசியாயிற்று. 45-க்குக் கீழே 2 பேர் மட்டுமே இருப்பதாலும், அவர்கள் இருவரும் புதிய காரணங்களைச் சொன்னதாலும், அந்த வயதினரில் மேலும் 6 முதல் 8 பேர். அவர்களில் தொடர்ந்து மூன்று பேரிடம் புதிய காரணமோ, இருக்கிற காரணத்துக்குப் புதிய பொருளோ வராவிட்டால் நிறுத்தப்படும்." நிறுத்தும் அளவுகோல் நேர்காணலுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது, காரணம் உங்கள் தரவிலிருந்தே வருகிறது. 30 என்பதைவிட இது தேர்வாளரிடம் உறுதியாக நிற்கும்.

கதிரவன் எழுதியது:

இல்லையென்றால் அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு, 55-க்கு மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு என்று தலைப்பையே மாற்றிவிடலாமே? 12 பேர், தட்டையான வரிசை.

பழையகோப்பு எழுதியது:

முறைப்படி அது சரியான வழிதான், கதிரவன். ஆய்வின் வரம்பைக் குறுக்கிக்கொண்டால் ஆட்களின் எண்ணிக்கையும் குறையலாம். அப்போதும் தலைச்சுற்றல் விஷயமும், தொடர்கேள்வி இல்லாத நான்கு நேர்காணல்களும் அப்படியே இருக்கும். காப்பீட்டு விண்ணப்பத்துக்காக மருந்தை நிறுத்தியவரின் பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு அதை விட்டுவிடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. முடிவு தாமரைச்செல்வியுடையது.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பவர்கள் மாத்திரையை நிறுத்தியவர்கள், ஆனால் மருத்துவமனைக்கு ஏதோ ஒரு காரணத்துக்காகத் திரும்ப வந்தவர்கள். நிறுத்தியபின் எந்த மருத்துவரையும் பார்க்காமலேயே இருப்பவர்கள் இந்தப் பட்டியலில் வரவே மாட்டார்கள். இதே பதிவேட்டிலிருந்து இன்னும் 30 பேரை எடுத்தாலும் அவர்களில் ஒருவரும் கிடைக்க மாட்டார்.

தாமரைச்செல்வி எழுதியது:

இதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. இளையவர்கள் 6 முதல் 8 பேர் என்பதை நெறியாளரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். 11 முதல் 14 வரை உள்ளவர்களில் சம்மதிக்கிறவர்களிடம் இரண்டாம் முறை பேசவும் கேட்பேன். ஆனால் திரும்பி வராதவர்களை எங்கே பிடிப்பது? ஏற்கெனவே பேசியவர்களிடம் "உங்களுக்குத் தெரிந்து இப்படி நிறுத்தியவர் யாராவது உண்டா" என்று கேட்கலாமா? அதற்கு அறநெறி அனுமதி மறுபடி வாங்க வேண்டுமா?

இளமதி எழுதியது:

ஆட்களைச் சேர்க்கும் வழி மாறினால் திருத்த விண்ணப்பம் கட்டாயம். இரண்டாம் முறை பேசுவதும் முதல் சம்மதப் படிவத்தில் இல்லையென்றால் அதையும் சேர்த்தே கேளுங்கள். தெரிந்தவர் பெயரை அவர்களிடம் நேரடியாக வாங்காதீர்கள். இன்னொருவரின் மருத்துவ விவரத்தை அவர் அனுமதி இல்லாமல் உங்களிடம் சொல்ல வைப்பதாகிவிடும். உங்கள் தகவல் தாளை அவர்கள் கையில் கொடுங்கள், விருப்பப்பட்டவர் தானாக உங்களைத் தொடர்புகொள்ளட்டும்.

வேல்முருகன் எழுதியது:

ஆனால் அப்படி வருகிறவர்கள், முன்பு பேசியவர்களின் நண்பர்களும் உறவினர்களும்தான். ஒரே வீட்டில் ஒரே பேச்சைக் கேட்டு நிறுத்தியவர்களாக இருக்கலாம். அவர்களிடம் புதிதாக ஒன்றும் வராவிட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை. இப்படிச் சங்கிலியாக ஆட்களைச் சேர்த்து யாராவது ஆய்வு செய்திருந்தால், நிறுத்தும் அளவுகோலை எப்படி வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.